அம்மாவின் சேலைத் துண்டு: ஆறுதல் பொருளை எந்த வயதில், எப்படிப் பழக்குவது

வயதைப் பற்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை, அது தூங்கும் இடத்தில் துணிப்பொம்மையோ தனிப் போர்வையோ துண்டுத் துணியோ இருக்கக் கூடாது. 8 மாதம் வாக்கில், விழித்திருக்கும்போது, உங்கள் மடியில் வைத்து அறிமுகப்படுத்தலாம். தூக்கத்தில் கூட வைத்துக்கொள்ள 12 மாதம் தாண்ட வேண்டும். பழக்கத் தொடங்குவதற்கு மிகத் தோதான காலம் 12 முதல் 18 மாதம் வரை.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்று மூச்சு சம்பந்தப்பட்டது, மற்றது மனம் சம்பந்தப்பட்டது.

மூச்சு விஷயத்தில் பேரம் கிடையாது. சிறு குழந்தையின் முகத்தில் துணி விழுந்தால் அதை இழுத்துப் போடும் திறமையும், தலையைத் திருப்பிக்கொள்ளும் பலமும் அதற்கு முழுதாக வந்திருக்காது. துணிக்கு அடியில் தான் விட்ட மூச்சையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: முதல் வருடம் முழுக்க, மல்லாந்து படுக்க வைக்க வேண்டும், படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும், தலையணை, மெத்தென்ற பொம்மை, தளர்வான போர்வை எதுவும் அருகில் வேண்டாம். நம் வீடுகளில் தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், கழுத்தும் கையும் பலப்படத் தாமதமாகும் குழந்தைக்கும் ஒரு வயது என்ற கணக்கு போதாது. மருத்துவர் சொன்ன பிறகே தூக்கத்தில் துணி கொடுக்கலாம்.

மனம் சம்பந்தப்பட்ட காரணம் 8 மாதம் வாக்கில் தொடங்குகிறது. அதுவரை கண்ணுக்குத் தெரியாத அம்மா குழந்தைக்கு இல்லாத அம்மா. அதன் பிறகு, அறைக்கு வெளியே போன அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது அதற்குத் தெரிய வருகிறது. எப்போது வருவாள் என்பது மட்டும் தெரியாது. புது முகத்தைக் கண்டால் அழுவதும், நீங்கள் குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டுவதும் அதனால்தான். இது பெரும்பாலும் 10 முதல் 18 மாதத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். ஆறுதல் பொருள் உண்மையிலேயே பயன்படுவது இந்தக் காலத்தில்தான்.

இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் 1951இல் வாசித்த ஒரு கட்டுரையில் இந்தப் பழக்கத்தை முதன்முதலாக விரிவாகப் பேசினார். போர்வை நுனியையோ பொம்மையையோ விடாமல் பிடித்திருப்பது கெட்ட பழக்கம் என்று கருதப்பட்டு வந்த காலம் அது. அது வளர்ச்சியின் இயல்பான ஒரு பகுதி என்றார் அவர். குழந்தைக்கு அந்தத் துணி அம்மாவும் இல்லை, வெறும் பொருளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டுமா? வேண்டாம். 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு கொரியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. பொருளோடு ஒட்டிக்கொள்ளும் வழக்கம் கொரியக் குழந்தைகளிடம் குறைவாக இருந்தது. அவர்கள் தூங்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பது வழக்கம். நம் ஊரிலும் பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் அம்மாவை ஒட்டி ஒரே பாயில் தூங்குகின்றன. உங்கள் குழந்தை பாட்டியிடமும் அப்பாவிடமும் சிரமமில்லாமல் தூங்கிவிடுகிறது என்றால் இந்த அத்தியாயத்தை நீங்கள் தாண்டிப் போகலாம். அம்மா வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தை காப்பகத்துக்குப் போகப் போகிறது, அல்லது அம்மாவின் காதைத் தடவாமல் தூங்கவே மாட்டேன் என்கிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் மேற்கொண்டு சொல்வதெல்லாம்.

துணிக்குத் தானாக எந்தச் சக்தியும் இல்லை

கடையில் போய் அழகான பொம்மை ஒன்றை வாங்கி, வேலைக்குக் கிளம்பும் நாளன்று காலையில் குழந்தை கையில் திணித்துவிட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது பலிக்காது. பாஸ்மன், வைஸ்பர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1975இல் சிறு குழந்தைகளைப் பழக்கமில்லாத அறையில் விட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன் போர்வையோடு ஒட்டுதல் உள்ள குழந்தை, போர்வை கூட இருந்தபோது, அம்மா கூட இருந்தால் எப்படி விளையாடுமோ ஏறக்குறைய அப்படியே விளையாடியது. ஒட்டுதல் இல்லாத குழந்தைக்கு அதே போர்வை எந்தப் பயனும் தரவில்லை.

எனவே அம்மா இல்லாத நேரத்துக்கான துணியை அம்மா இருக்கும் நேரத்தில்தான் பழக்க வேண்டும். மடி, பால், மணம், தாலாட்டு எல்லாவற்றோடும் அது சேர்ந்து சேர்ந்து வந்திருந்தால், பிறகு அவை இல்லாதபோது அவற்றை நினைவுபடுத்தும். இதற்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். பிரிவு வரும் தேதி தெரிந்தால் அதற்கு மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். வீடு மாறும் வாரம், தம்பி தங்கை பிறக்கும் வாரம், காய்ச்சல் வாரம் இவற்றில் தொடங்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் முதல் தேர்வு அம்மா உடுத்திப் பழசான பருத்திச் சேலையின் ஒரு துண்டு. பல முறை துவைத்த பருத்திக்கு வரும் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. 30 முதல் 40 சென்டிமீட்டர் சதுரமாக, ஒற்றை மடிப்பாக வெட்டி, நான்கு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள். அதைவிடப் பெரிதானால் தலையைச் சுற்றிக்கொள்ளும், நடக்கும்போது காலில் மாட்டும். ஓரம் தைக்காமல் விட்டால் நூல் பிரியும். பிரிந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். வெளியே தெரியாமல் நடக்கும் ஆபத்து இது. ஆகவே வாரம் ஒரு முறையாவது தையலைக் கண்ணால் பாருங்கள்.

சேலையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். சரிகை உள்ள கரை வேண்டாம், அது கன்னத்தில் உராயும். சாயம் போகும் சேலை வேண்டாம், குழந்தை நுனியைச் சப்பத்தான் போகிறது. ஈரமான வெள்ளைத் துணியால் சேலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஏறினால் வேறு சேலை எடுங்கள். சுங்குடியில் இதை மறக்காமல் செய்ய வேண்டும். மூன்றாவது, பீரோவில் அந்துருண்டையோடு கிடந்த சேலை கூடவே கூடாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் குழந்தைகளுக்கு நல்லதல்ல. ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். அந்தக் குறைபாடு தன் குழந்தைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில்லை.

பொம்மைதான் வேண்டும் என்றால் உங்கள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, முடி உதிராத, ஒரு கையால் குழந்தை தூக்கக்கூடிய துணிப்பொம்மையாக எடுங்கள். கண்ணும் மூக்கும் நூலால் தைத்திருக்க வேண்டும். ஒட்டிய பிளாஸ்டிக் கண்ணும் பொத்தானும் பிய்ந்து தொண்டைக்குள் போகும். கழுத்தில் ரிப்பன், உள்ளே பாட்டுப் பாடும் பேட்டரி, உலுக்கினால் சரசரக்கும் மணிகள் எதுவும் வேண்டாம். வாங்கியதும் கை, கால், காது ஒவ்வொன்றையும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் வாய் திறந்து பஞ்சு தெரிந்தால் அது அலமாரிக்குத்தான். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் வாங்குவதில் அது இல்லாமல் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் முதல் நாளே இரண்டாகச் செய்துகொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மூன்று வாரம்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு 14 மாதம். அம்மா வங்கியில் வேலை. பேறுகால விடுப்போடு சம்பளமில்லாத விடுப்பும் முடிந்து மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். குழந்தை இதுவரை பால் குடித்துக்கொண்டே, இன்னொரு கையால் அம்மாவின் காது மடலைப் பிடித்தபடிதான் தூங்கும்.

முதல் வாரம் எந்தப் பிரிவும் இல்லை. இரண்டு துண்டுகளையும் அம்மா இரவில் தன் தலையணைக்கு மேல் விரித்துப் படுக்கிறாள், பகலில் ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். துணியில் அவள் மணம் ஏற வேண்டும். பால் கொடுக்கும்போதும் கதை சொல்லும்போதும் துணி குழந்தையின் கன்னத்துக்கும் அம்மாவின் கைக்கும் நடுவில் இருக்கிறது. குழந்தையின் கை காது மடலைத் தேடிப் போகும்போது அதைத் தட்டிவிடுவதில்லை. காதைப் பிடிக்க விட்டு, அதே விரல்களுக்கு இடையில் துணியின் ஒரு முனையையும் செருகுகிறாள். நான்கைந்து நாளில் விரல்கள் முனையையும் உருட்டத் தொடங்குகின்றன. துணிக்கு ஒரே பெயர், ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் குழந்தையே அதை "ஊஊ" என்றது, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டத்தில் மாமியார் கேட்டார்: "எதுக்கும்மா இந்தக் கந்தலைக் குடுத்துப் பழக்குற? அப்புறம் விடவே மாட்டா." மருமகள் சொன்னாள்: "இப்போதைக்கு விடாம இருந்தாத்தான் அத்தை நல்லது. நான் ஆபீஸ் போனப்புறம் மதியம் நீங்கதான தூங்க வைக்கணும்." பாட்டிக்கு அது புரிந்தது. இந்தப் பேச்சை எல்லா வீட்டிலும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. அம்மா பழக்குவதைப் பாட்டி ஒளித்து வைத்தால் மூன்று வாரமும் வீண்.

இரண்டாவது வாரம் துணி தூக்கத்துக்குள் வருகிறது. மதியத் தூக்கத்தில் குழந்தை கண் சொக்கும் நேரத்தில் அம்மா தன் காதை மெதுவாக விலக்கிக்கொள்கிறாள், துணி மட்டும் விரலில் இருக்கிறது. அழுதால் திரும்பக் காதைக் கொடுத்து, மறுநாள் முயல்கிறாள். இது பாயில் நடக்க வேண்டும். தூளியில் ஆறுதல் துணி வேண்டாம் என்பதே என் கருத்து. தூளி ஏற்கெனவே குழந்தையைச் சுற்றி மூடிய துணி; உள்ளே இன்னொரு துணி முகத்தில் படிந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. குழந்தை அசந்து தூங்கியபின் துணி முகத்தின் மேல் கிடந்தால் ஒரு வயது தாண்டிய குழந்தைக்கும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் சின்னச் சின்னப் பிரிவுகள். அம்மா துணியைத் தன் கையாலேயே கொடுத்து, "அம்மா கடைக்குப் போய்ட்டு வர்றேன், ஊஊ வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். முதல் நாள் 10 நிமிடம், பிறகு அரை மணி, வாரக் கடைசியில் ஒரு மதியத் தூக்கம் முழுக்கப் பாட்டியோடு. குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போவது கூடாது. அப்படிப் போனால், துணி கைக்கு வந்தாலே அம்மா மறைவாள் என்று குழந்தை கற்றுக்கொண்டு, துணியைக் கண்டதுமே அழ ஆரம்பிக்கும். சொல்லிவிட்டுப் போகும்போதும் அழத்தான் செய்யும். ஆனால் அந்த அழுகை பாட்டியின் இடுப்பில் கொஞ்ச நேரத்தில் அடங்கும். வீடு திரும்பியதும் முதலில் குழந்தையைத் தூக்குங்கள், துணியைப் பிடுங்கி வைக்க அவசரப்படாதீர்கள்.

பலித்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தூக்கம் வரும்போதோ விழுந்து அடிபட்டாலோ குழந்தை தானாகவே துணியைத் தேடி நடந்து போகிறது என்றால் ஒட்டுதல் வந்துவிட்டது. அதுவரை நீங்கள் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வது வெறும் பழக்கம்தான்.

பலிக்காத இடங்கள்

துணியைத் தூக்கித் தூக்கி எறிந்தால் அது வேண்டாம் என்று அர்த்தமல்ல. அந்த வயதில் எறிவது விளையாட்டு. மூன்று வாரம் கழித்தும் கண்டுகொள்ளவில்லை என்றால் எடுத்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி மடிக்குக் கொண்டுவாருங்கள். சில குழந்தைகள் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தைத்ததை விட்டுவிட்டு அப்பாவின் பழைய லுங்கியையோ பாட்டியின் முந்தானையையோ பிடித்துக்கொள்ளும். சண்டை போடாதீர்கள். லுங்கியில் ஒரு சதுரம் வெட்டித் தைத்தால் முடிந்தது. குழந்தை விரும்புவது பிளாஸ்டிக் பையாகவோ மணி கோத்த மாலையாகவோ இருந்தால் மட்டும், அது தூங்கும் நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

அழுகை எல்லாவற்றுக்கும் துணியை நீட்டுவது இன்னொரு தவறு. பசிக்குச் சோறு, வலிக்கு மடி. விழுந்த குழந்தையை முதலில் தூக்குங்கள், துணி அதற்குப் பிறகு. உங்களுக்குப் பதிலாகத் துணி வரத் தொடங்கினால் அதற்கு உங்களிடமிருந்து வந்த மணமும் சூடும் தீர்ந்துபோகும்.

துவைப்பதுதான் பல வீடுகளில் பெரும் போராட்டம். இதில் குழந்தை பக்கம் நியாயம் இருக்கிறது. வின்னிகாட்டே அந்தத் துணியைப் பற்றிச் சொல்லும்போது, பெற்றோர் அது அழுக்காகி நாறும்வரை விட்டுவைப்பார்கள், ஏனென்றால் துவைத்தால் அதன் அர்த்தமே குலைந்துபோகலாம் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார். அதற்காகத் துவைக்காமல் விட முடியாது. எச்சிலும் மண்ணும் சேர்ந்த துணி வயிற்றுப்போக்குக்கு வழி. நான் முன்னால் சொன்ன இரண்டாவது துண்டு இங்கேதான் உதவுகிறது. முதல் வாரத்திலிருந்தே இரண்டையும் நாள் மாற்றி நாள் கொடுத்து, வாரம் ஒரு முறை ஒவ்வொன்றாகத் துவைத்து வந்தால் இரண்டும் ஒரே மாதிரி வெளுக்கும், ஒரே மாதிரி மணக்கும். வாசனைத் திரவமும் கஞ்சியும் வேண்டாம். வழக்கமான சோப்பு, நன்றாக அலசல், நல்ல வெயில். துவைத்த துண்டை அன்று இரவு அம்மா தன்னருகே வைத்துக்கொண்டு மறுநாள் கொடுக்கலாம். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு வந்தால் தினமும் துவைக்க வேண்டும். தூசியால் மூச்சிரைப்பு வரும் குழந்தைக்குப் பஞ்சு அடைத்த பொம்மையைவிட இந்த ஒற்றைத் துணியே மேல்; 60 டிகிரி சூடுள்ள தண்ணீர் தூசிப் பூச்சிகளைக் கொல்லும்.

முதல் துண்டு தொலைந்த பிறகு அதே சேலையில் புதுத் துண்டு வெட்டிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் போதாது. புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை அப்படியே நகலெடுக்கும் பெட்டி என்று ஒரு பெட்டியை 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் காட்டினார்கள். மற்ற பொம்மைகளின் நகலைக் குழந்தைகள் தயங்காமல் ஏற்றுக்கொண்டன. தாம் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொருள் என்று வந்தபோது பெரும்பாலானவை பழைய அசலைத்தான் திரும்பக் கேட்டன. சில குழந்தைகள் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. ஆகவே இரண்டாவது துண்டு, முதல் துண்டு தொலைவதற்கு முன்பே அசலாகியிருக்க வேண்டும்.

காப்பகத்துக்கும் பிறகும்

காப்பகத்தில் சேர்க்கும் முன் வீட்டுப் பொருளை அனுமதிப்பார்களா, தூக்க நேரத்தில் யார் எடுத்துக் கொடுப்பார்கள், மற்ற நேரத்தில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரை நூலால் தைத்துவிடுங்கள், ஊக்கு குத்தாதீர்கள். ஒரு துண்டு மட்டும் காப்பகம் போகட்டும், மற்றது வீட்டில் இருக்கட்டும்.

விளையாட்டு மும்முரத்தில் துணியைக் கீழே போட்டுவிட்டு, களைத்ததும் தேடி வருவது ஆரோக்கியமான ஒட்டுதல். திடீரென்று நாள் முழுக்கக் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்தால் பல் முளைப்பதோ, காய்ச்சலோ, வீட்டில் ஏதோ மாற்றமோ காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்தால் பிடியும் தளரும். பல வாரங்களாக விளையாட்டையும் மனிதர்களையும் ஒதுக்கிவிட்டுத் துணியோடு மட்டும் இருக்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அங்கே பேச வேண்டியது துணியைப் பற்றி இல்லை, திரும்பிப் பார்க்காததைப் பற்றி.

2 வயதுக்குப் பிறகு துணிக்கு இடம் வரையறுக்கலாம்: வீட்டில், வண்டியில், படுக்கையில் சரி, சாப்பாட்டிலும் பூங்காவிலும் அது அலமாரியில் இருக்கும். இதைக் குழந்தை ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் துணி எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. இரவில் மட்டும் என்று சில வருடம் தொடர்ந்தாலும் தவறில்லை. "பெரிய பிள்ளையாயிட்ட, இன்னும் கந்தலா?" என்று மற்றவர் முன்னால் கேலி செய்வதும், தூங்கும்போது எடுத்துக் குப்பையில் போடுவதும், காக்கா தூக்கிப் போய்விட்டது என்று சொல்வதும் வேண்டாம். துணி போன பிறகு அந்தப் பயத்துக்குக் குழந்தை கட்டை விரலையோ நகத்தையோ நாடும். அவற்றை அலமாரியில் வைக்க முடியாது. கிழிந்து நைந்து போனால் குழந்தை பார்க்கும்படி நீங்களே ஓரத்தை மறுபடி தைத்துக் கொடுங்கள். மீந்தது கைக்குட்டை அளவுதான் என்றாலும் பரவாயில்லை, தையல் மட்டும் கெட்டியாக இருக்கட்டும்.